வெள்ளி இரவு, சென்னையிலிருந்து ஏலகிரி

சிறுசேரியில் வேலை சார், ஏழு மணிக்கு முடியும். அப்படியே கிளம்பினால் நள்ளிரவுக்குள் மலை ஏறிவிடலாமா?

230 கிலோமீட்டர்தான், கணக்குப்படி முடியும். ஆனால் நான் ஒரு வெள்ளி ஏழு மணிக்குக் கிளம்பி, பூந்தமல்லி நெரிசலில் ஊர்ந்து ஸ்ரீபெரும்புதூர் தாண்டவே ஒன்பதரை ஆகிவிட்டது. அடுத்த முறை வீட்டில் சாப்பிட்டுவிட்டு 9.45க்குக் கிளம்பினோம். ஒரு மணிக்கு வேலூர் லாட்ஜில் படுத்தாயிற்று. மீதி 90 கிலோமீட்டரைக் காலையில் ஓட்டி, எட்டு மணிக்கு மேலே இருந்தோம். உங்களுக்குப் பூந்தமல்லியே வேண்டாம். கேளம்பாக்கம், வண்டலூர், ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். ஒரகடத்தில் மட்டும் கன்டெய்னர் லாரிகள் இருக்கும்.

வேலூரில் ரூம் போடுவது தண்டச் செலவு அண்ணா. டீ குடித்துக்கொண்டே ஓட்டினால் தூக்கம் வராது.

வராத மாதிரி இருக்கும். பகலெல்லாம் வேலை பார்த்த உடம்பு இரண்டு மணிக்கு மேல் சொன்னபடி கேட்காது. இப்போதுதான் தாண்டிய ஊர் எது என்று யோசிக்க வேண்டியிருந்தால், நீங்கள் பாதி தூங்கிக்கொண்டுதான் ஓட்டுகிறீர்கள். செலவு கூடாது என்றால் சனி விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். என் மனைவி அதுதான் சரி என்கிறாள். எனக்கு வெள்ளியே ஊரைத் தாண்டினால்தான் விடுமுறை மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் இது இன்னும் முடியாத வழக்கு.

இருபது கொண்டை ஊசி வளைவுகளாமே, புது டிரைவருக்குச் சரிப்படுமா?

இருபது என்பது சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதை. ஏலகிரிக்குப் பதினான்குதான், ஒவ்வொன்றுக்கும் கபிலர், பாரி, ஓரி என்று புலவர், வள்ளல் பெயர். பகலில் என்றால் புதியவரும் ஏறலாம். வளைவில் ஹாரன் அடியுங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம். நான் எப்போதும் அப்படித்தான்.

மிச்சமில்லை. இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டாலே பெட்ரோல் பாய்வது ஏறக்குறைய நின்றுவிடும். நியூட்ரலில் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். இரண்டாம் கியரில் இறங்குங்கள். கருகின ரப்பர் மாதிரி வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ ஓரங்கட்டி அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நாங்கள் ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போய் ஆட்டோ பிடித்தோம், அதுவே நிம்மதி!

டிக்கெட் கிடைத்தால் நிம்மதிதான். இங்கே கேட்பவர்கள் ஏழு மணிக்குத்தான் ஆபீஸை விட்டே வெளியே வருகிறார்கள்.

ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்பலாம்?

பன்னிரண்டுக்கு இறங்கி, ஆம்பூரில் பிரியாணி, இரண்டுக்குள் வண்டி எடுத்துவிடுங்கள். நான்குக்கு மேல் கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூரில் ஊரே உங்களோடு நிற்கும்.