மதர்போர்டு மாற்றியதும் 48 இலக்கம் கேட்பது ஏன்?

"டீ கொட்டி லேப்டாப் அணைந்தே போனது. டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் மதர்போர்டு மாற்றித் தந்தார்கள். இப்போது ஆன் செய்தால் நீலத் திரை வந்து ரெக்கவரி கீ கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போட்டதே இல்லை. கடைக்காரர் ஃபார்மட் போடலாம் என்கிறார். மூன்று வருட ஜி.எஸ்.டி. கணக்கு அதில் இருக்கிறது, சார்."
– வாசகி ஒருவர், திருநகர், மதுரை

ஃபார்மட் வேண்டாம் என்று முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய போர்டைக் கடையில் எடுத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கி வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பூட்டைப் போட்டது விண்டோஸ். பல லேப்டாப்களில், முதல் நாள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடும். அதைத் திறக்கும் சாவி டிஸ்க்கிலேயேதான் இருக்கிறது, ஆனால் பூட்டிய இரண்டு பெட்டிகளுக்குள். ஒரு பெட்டியை டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் மட்டுமே திறக்கும். இன்னொன்று 48 இலக்க ரெக்கவரி கீயால் திறக்கும்.

இத்தனை நாள் முதல் பெட்டிதான் திறந்துகொண்டிருந்தது. ஆன் செய்யும்போதெல்லாம், கணினி துவங்கும் விதம் நேற்றுப் போலவே இருக்கிறதா என்று டி.பி.எம். பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாவியைக் கொடுத்துவிடும். இப்போதைய லேப்டாப்களில் இது பெரும்பாலும் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. பிராசஸர் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. போர்டு போனால் அதுவும் போயிற்று. புது போர்டில் இருக்கும் சிப்புக்கு உங்கள் பெட்டியைத் தெரியாது. திருடன் டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டினாலும் இதே நிலைமைதான். அவனைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடே. அதனால் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டிப் பார்த்தும் பயனில்லை, அங்கேயும் அதே கீயைத்தான் கேட்கும்.

மிச்சம் இருப்பது இரண்டாவது பெட்டி. செல்போனிலேயே aka.ms/myrecoverykey என்ற முகவரிக்குப் போய், லேப்டாப்பை முதலில் துவக்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அன்றைக்கு உட்கார்ந்து செட்டப் செய்தது மகனோ தம்பியோ ஆக இருக்கலாம், கீ அவர் கணக்கில் கிடக்கும். வீட்டில் எல்லார் கணக்கையும் பாருங்கள். நீலத் திரையில் Recovery Key ID என்று ஒன்று தெரியும். அதன் முதல் எட்டு எழுத்தும் பட்டியலில் உள்ளதும் ஒத்துப்போனால் அதுதான் உங்கள் கீ.

யாராவது பழைய டைரியில் கீயை எழுதி வைத்து, ஒரு இலக்கம் மங்கிப்போயிருந்தால் ஒரு வழி உண்டு. 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 419595 என்றால் 38145 முறை சரியாகப் போகும். அதில் 1-ஐ 7 என்று படித்து 479595 என்று அடித்தால் மீதி 6 வரும். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாலே எந்தத் தொகுதியில் தப்பு என்று பிடித்துவிடலாம். ஒரே ஓர் இலக்கம் மாறியிருந்தால் இந்தச் சோதனையிலிருந்து தப்பவே முடியாது.

கீ சரியாக விழுந்து விண்டோஸ் வந்ததும், வழக்கமாக அடிக்கும் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம். அந்த நம்பரும் பழைய சிப்போடு கட்டப்பட்டதுதான். கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போங்கள். முதல் வேலையாகக் கணக்குக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இந்த இரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாக அடியுங்கள்:

```
manage-bde -protectors -disable C:
manage-bde -protectors -enable C:
```

முதல் வரி காவலை நிறுத்திவைக்கிறது. இரண்டாவது வரி, புது சிப்போடு சேர்த்து மறுபடி பூட்டுகிறது. இதைச் செய்யாவிட்டால் ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் 48 இலக்கமும் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். செய்த பிறகும் கேட்டால், புது போர்டின் பயாஸில் டி.பி.எம். அணைந்திருக்கிறதா என்று கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, கீ எங்குமே கிடைக்கவில்லை என்றால்? உடைத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 48 இலக்கத்தை ஊகித்து முடிகிற காரியமில்லை. அப்போதுதான் அந்தப் பழைய போர்டு வேண்டும். டீ பட்ட போர்டில் பெரும்பாலும் பவர் பகுதிதான் அரித்திருக்கும். பிராசஸர் நன்றாக இருந்தால், சிப் லெவல் வேலை தெரிந்தவர் அதை ஒரு தடவையாவது உயிர்ப்பித்துவிடக்கூடும். அதில் உங்கள் டிஸ்க்கை மாட்டினால் முதல் பெட்டி திறந்துவிடும், கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம். அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: பயாஸ் சிப்பை மட்டும் கழற்றிப் புது போர்டில் வைத்தால் சாவி வராது, பழைய போர்டில் Clear TPM என்று எது வந்தாலும் அதற்குச் சம்மதம் கொடுக்கவே கூடாது.