வீட்டு வேலை என்று ஒதுக்கிய கணக்குத் தாள்

அம்மா, வணக்கம். பி.காம். முடித்து ஓராண்டு ஆகிறது. டேட்டா அனலிஸ்ட் வேலை தேடுகிறேன். லிங்க்டுஇன் பக்கத்தின் Featured பகுதியில் 9 சான்றிதழ்களை வைத்திருக்கிறேன். ஒரு நிறுவனமும் கூப்பிடவில்லை. இன்னும் எந்தச் சான்றிதழைச் சேர்க்கலாம்? சொல்லிக்கொள்ளும்படி புராஜெக்ட் எதுவும் என்னிடம் இல்லை. என் அம்மா 12 பெண்களுக்கு மாவு கொடுத்து அப்பளம் போட்டு வாங்குகிறார். சனிக்கிழமை கூலி போட ராத்திரி ஆகிவிடுகிறது என்பதால் எக்செலில் ஒரு கணக்கு செய்து கொடுத்தேன். ஆனால் அது வீட்டு வேலை, அதைப் போட்டால் சிரிப்பார்கள்.

— வாசகி, கல்லிடைக்குறிச்சி

யார் சிரிப்பார்கள் மகளே? 12 வீடுகளுக்குப் போகும் கூலி அந்தத் தாளில் வரும் எண்ணைப் பொறுத்தது. உன் படிப்புச் செலவும் அந்த அப்பளத்திலிருந்து வந்திருக்கும். அதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, புராஜெக்ட் எதுவும் இல்லை என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? பத்தமடையில் பாய் வியாபாரக் கணக்குப் பார்க்கும் பையனும், முக்கூடலில் பீடிக் கணக்குப் பார்க்கும் பெண்ணும் இதையேதான் சொல்கிறார்கள். சம்பளம் கொடுக்கிறவன் சொல்லிச் செய்தால் அது வேலை, பெற்றவள் சொல்லிச் செய்தால் அது வேலையில்லை என்ற இந்த எண்ணத்தை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

பத்தாவது சான்றிதழைத் தேடாதே. உன் பக்கத்தைத் திறக்கிறவருக்குக் கணினியில் Featured பகுதியின் இரண்டு மூன்று அட்டைகள்தான் ஒரே பார்வையில் தெரியும். கைபேசியிலோ முதல் அட்டையும் அடுத்ததன் ஓரமும்தான். மற்றதைப் பார்க்க அவர் மெனக்கெட வேண்டும். அந்தச் சின்ன இடத்தில் சான்றிதழ் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், எழுத்தும் படிக்க முடியாது. வீடியோவைப் பார்த்து முடித்த எல்லோரிடமும் அதே காகிதம்தான் இருக்கும். சான்றிதழுக்கென்று Licenses & certifications என்ற தனிப் பகுதியே இருக்கிறது. அதில் Credential URL என்ற கட்டத்தில் சரிபார்க்கும் இணைப்பைக் கொடுத்தால், பார்க்கிறவர் அதை அழுத்தி உண்மையா என்று தெரிந்துகொள்வார். உன் வேலைக்குத் தொடர்புடைய மூன்று நான்கை அங்கே மாற்று. Featured பகுதியில் ஒன்றுகூட வேண்டாம். பவர் பி.ஐ.க்கான பி.எல்.-300 போலக் கண்காணிப்பில் எழுதும் தேர்வை முடித்திருந்தால் மட்டும் கடைசி அட்டையாக வைக்கலாம்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். முதலில் அது சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று பார். A நிரலில் தேதி, B நிரலில் பெயர், D நிரலில் திரும்பி வந்த அப்பள எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். H1, I1 இரண்டும் வாரத்தின் முதல் நாளும் கடைசி நாளும், H2 கூலி வாங்குகிறவரின் பெயர். வாரக் கணக்கு இப்படி வரும்:

```
=SUMIFS(D:D, B:B, H2, A:A, ">="&H1, A:A, "<="&I1)
```

ஒரு நாள் மாரியம்மாள் என்றும் மறுநாள் மாரியம்மா என்றும் தட்டியிருந்தால், இரண்டாவது நாளின் அப்பளம் அவர் கணக்கில் சேராது. பெயருக்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் அப்படியே. எக்செல் பிழை என்று எதுவும் காட்டாது, கூலி மட்டும் குறைந்துவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 12 பேரின் வாரக் கூட்டுத்தொகையைச் சேர்த்துப் பார், பெயரைக் கணக்கில் எடுக்காமல் அந்த வாரத்தின் மொத்தத்தையும் பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் யாரோ ஒருவருடைய உழைப்பு விடுபட்டிருக்கிறது. பெயரைத் தட்ட விடாமல் Data Validation மூலம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தால் இந்தத் தொல்லை தீரும். யாருக்காவது குறைந்திருந்தால் வருகிற சனிக்கிழமை அம்மாவிடம் சொல்லிக் கொடுக்க வை. வேலை தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரிபார்த்துத் திருத்திய அந்தக் கதைதான் உன் முதல் அட்டை. நான்கு பக்கம் போதும். முதல் பக்கத்தில் சிக்கல்: 12 பேர், ஒரு நோட்டு, சனிக்கிழமை ராத்திரி கூட்டல். இரண்டாம் பக்கத்தில் தாளின் படம், எந்த நிரலில் என்ன என்ற குறிப்புடன். மூன்றாம் பக்கத்தில் பெயர்ப் பிழை எப்படிக் கூலியைக் குறைக்கும், இரண்டு மொத்தங்களை ஒப்பிட்டு அதை எப்படிப் பிடிப்பது என்பது. இந்தப் பக்கத்துக்காகத்தான் உன்னைக் கூப்பிடுவார்கள், ஏனென்றால் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும், அது எங்கே சறுக்கும் என்பதைத் தேடிப் பார்க்கிறவர்கள் குறைவு. நான்காம் பக்கத்தில் முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு ஆகிறது என்பது. அம்மாவைக் கேட்டு உள்ளதை உள்ளபடி எழுது, கூட்டிச் சொல்லாதே.

கோப்பை ஏற்றும் முன் அம்மாவிடம் அனுமதி கேள். கூலி விகிதமும் உற்பத்தி அளவும் அவர் தொழிலின் உள்விவரம். அந்தப் பெண்களின் பெயர்களும் ஊர் பார்க்கக் கிடக்க வேண்டியவை அல்ல. பெயர்களுக்குப் பதிலாக ப1, ப2 என்று போடு, விகிதத்தை மாற்றிவிட்டு மாதிரி எண்கள் என்று அந்தப் பக்கத்திலேயே குறிப்பிடு. பெயரின் மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் போதாது, பி.டி.எஃப். கோப்பில் பட்டைக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கக்கூடும். எக்செலிலேயே பெயர்களை மாற்றிய பிறகு படமெடு. அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் தொழிலோடு சம்பந்தப்படாத கற்பனை எண்களை வைத்து அதே சிக்கலைச் செய்து காட்டு.

ஏற்றும்போது கூகுள் டிரைவ் இணைப்பைக் கொடுக்காதே. பகிர்வு Restricted என்று இருந்தால் வருகிறவருக்கு You need access என்ற பக்கம்தான் வரும். உனக்கோ உன் கணக்கிலிருந்து ஒழுங்காகத் திறக்கும், எனவே தெரியவே தெரியாது. Featured பகுதியில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி Add media வழியாக பி.டி.எஃப். கோப்பையே ஏற்று. முதல் பக்கம்தான் அட்டையின் முகமாக வரும், ஆகவே அங்கே எழுத்து பெரிதாக இருக்கட்டும். தலைப்பில் My Project என்று எழுதாதே. Weekly wage sheet for 12 home workers, Excel என்று, பார்க்கிறவர் தேடும் சொற்கள் முன்னால் வரும்படி எழுது. கீழே விளக்கத்தில் சிக்கல் ஒரு வரி, பலன் ஒரு வரி.

இரண்டாவது அட்டைக்கு, பெயர்ப் பிழை பற்றி மட்டும் லிங்க்டுஇன்னிலேயே ஒரு சிறு கட்டுரை எழுதிச் சேர். அதற்கு மேல் இப்போது எதுவும் வேண்டாம். பென்சில் குறியை அழுத்தினால் வரிசையை மாற்றலாம், கணக்குத் தாள் முதலில் நிற்க வேண்டும். பிறகு உன் மதினியோ சித்தி மகனோ, லிங்க்டுஇன் கணக்கு வைத்திருக்கும் யாராவது ஒருவரின் கைபேசியில் உன் பக்கத்தைத் திறக்கச் சொல். கோப்பு திறக்கிறதா, எழுத்து படிக்க முடிகிறதா, தலைப்பு பாதியில் வெட்டுப்படுகிறதா என்று பார்த்து, வெட்டுப்பட்டால் சுருக்கு.