பாட்டுக்குப் பதில் குக்கர் விசில்: ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் எங்கே தவறுகிறது?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் என் அம்மாயி கும்மிப்பாட்டு பாடினார். ஊர்ப் பையன் ஒருவர் அதை ஃபேஸ்புக்கில் லைவ் போட்டார். என் போனில் அதை டவுன்லோடு செய்ய வழி தெரியவில்லை. ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்தேன். படம் நடுவில் சின்னதாக, மங்கலாக வந்திருக்கிறது. பாட்டுக்குப் பதிலாக எங்கள் வீட்டு ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும்தான் கேட்கிறது. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாயி பாடுவதில்லை. எப்படியாவது இதைக் காப்பாற்ற முடியுமா?
— வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: முடியும். ஆனால் ரெக்கார்டிங்கைத் தொடுவதற்கு முன் இன்றைக்கே ஒரு போன் செய்துவிடுங்கள். லைவ் போட்ட அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, அவருடைய கணக்கிலிருந்து வீடியோவை டவுன்லோடு செய்து தரச் சொல்லுங்கள். பார்ப்பவருக்கு இல்லாத டவுன்லோடு வசதி லைவ் போட்டவருக்கு உண்டு. ‘இன்றைக்கே’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரி 19 முதல் ஃபேஸ்புக் புதிய லைவ் வீடியோக்களை 30 நாட்கள் மட்டுமே வைத்திருக்கிறது, அதன் பிறகு நீக்கிவிடுகிறது. பண்டிகை முடிந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பாருங்கள். அவர் தரும் ஃபைல்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடியதில் நல்லது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் அதற்கு ஒரு படி கீழேதான் நிற்கும்.

காரணம் இதுதான். ஸ்கிரீன் ரெக்கார்டர் வீடியோ ஃபைலை எடுப்பதில்லை. போன் அந்த வீடியோவை விரித்துத் திரையில் காட்டுகிறது. அப்படித் திரையில் தெரிவதை ரெக்கார்டர் மறுபடியும் சுருக்கி வேறொரு ஃபைலாக எழுதுகிறது. ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் நுணுக்கமான விவரங்கள் கொஞ்சம் போய்விடும். திரையில் சின்னதாகத் தெரிந்தது சின்னதாகவே பதிவாகும். நடுவில் சுற்றும் லோடிங் வட்டம், மேலே வந்து விழும் வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாமே உள்ளே போய்விடும். ஆகவே ரெக்கார்டு பட்டனை அழுத்தும் நொடியில் திரையில் என்ன இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதுதான் தரத்தைத் தீர்மானிக்கிறது.

உங்கள் படம் ஏன் சின்னதாக வந்தது என்று பார்ப்போம். இப்போது பரவலாக இருக்கும் போன் திரை 1080 புள்ளி அகலம், 2400 புள்ளி உயரம். போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, படுக்கை வாட்டத்தில் எடுத்த வீடியோவை ஓட்டினால், அது 1080 அகலமும் ஏறக்குறைய 607 உயரமும் கொண்ட ஒரு பட்டையாகத்தான் தெரியும். திரையின் உயரத்தில் அது கால்வாசி. மீதி முக்கால்வாசி கறுப்பும் கமெண்டுகளும். அதே போனைச் சாய்த்து முழுத்திரையில் ஓட்டினால் வீடியோ 1920-க்கு 1080 என்ற அளவில் விரிகிறது. அம்மாயியின் முகத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள் மூன்று மடங்குக்கும் மேலாகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் பலருக்கும் தெரிவதில்லை. நீங்களும் அதில்தான் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பல போன்களில், ரெக்கார்டிங் தொடங்கும்போது போன் எந்த வாட்டத்தில் இருக்கிறதோ அதுவே ஃபைலின் சட்டமாக உறுதியாகிவிடும். நிமிர்ந்த நிலையில் தொடங்கி, பிறகு போனைச் சாய்த்தால், சாய்ந்த படத்தை அந்த நிமிர்ந்த சட்டத்துக்குள் சுருக்கி நடுவில் வைத்துவிடும். ரெக்கார்டு ஆகும்போது உங்களுக்கு முழுத்திரையாகத்தான் தெரியும். திறந்து பார்க்கும்போதுதான் படம் சின்னதாக நிற்கும். ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் Auto rotate-ஐ ஆன் செய்து, வீடியோவை முழுத்திரையாக்கி, போனைச் சாய்த்துவிடுங்கள். சாய்ந்தபடியே மேலிருந்து திரையை இழுத்து Screen recorder-ஐ அழுத்துங்கள். அந்தத் தம்பி லைவையே போனை நிமிர்த்தி வைத்து எடுத்திருந்தால் நீங்களும் நிமிர்த்தியே வைத்துக்கொள்ளலாம், சாய்த்தால்தான் நஷ்டம்.

மங்கலுக்கு வேறு இரண்டு இடங்களும் பொறுப்பாகலாம். ஒன்று உங்கள் பக்கம். வீட்டு இணையம் மெதுவாக இருந்தால் ஆப் தானாகவே தரத்தை 360p அளவுக்குக் கூட இறக்கி ஓட்டும். வீடியோவின் அமைப்புக்குள் போய், தரம் Auto என்று இருப்பதை மாற்றி, அங்கே இருப்பதில் உயர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். முழு வீடியோவையும் ஒருமுறை வைஃபையில் ஓட்டிப் பாருங்கள். எங்கும் நிற்காமல் ஓடினால் மட்டும் ரெக்கார்டு செய்யத் தொடங்குங்கள். இன்னொன்று மலைப் பக்கம். சிக்னல் மெலிந்த இடத்திலிருந்து லைவ் போகும்போது, விட்டுப்போகாமல் இருப்பதற்காக ஆப் படத்தைக் கடுமையாகச் சுருக்கியே அனுப்பும். உயர்ந்த தரத்தை வைத்தும் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால், குறை லைவிலேயே இருக்கிறது. அதை எந்த ரெக்கார்டராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அந்தத் தம்பியின் போன் கேலரியில் லைவின் நகல் ஏதாவது தங்கியிருக்கிறதா என்றும், பக்கத்தில் நின்று வேறு யாராவது சாதாரண வீடியோவாக எடுத்தார்களா என்றும் விசாரியுங்கள். நெட்வொர்க் வழியாகப் போகாமல் நேராகப் போனில் பதிவான ஃபைலில் அந்த உடைசல் இருக்காது.

இனி சத்தத்துக்கு வருவோம். ஃபேனும் விசிலும் கேட்கிறது, பாட்டு கேட்கவில்லை என்றால், உங்கள் ரெக்கார்டர் போனின் மைக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஸ்பீக்கரில் பாட்டு சின்னதாக ஓடியிருக்கும், அல்லது இயர்போன் மாட்டியிருப்பீர்கள். பாட்டு உங்கள் காதுக்குப் போனது, மைக்குக்கு அடுப்படிதான் கிடைத்தது.

ஆண்ட்ராய்டு போன்களில் ரெக்கார்டு தொடங்குமுன் சத்தத்துக்கான கேள்வி ஒன்று வரும். அங்கே Device audio அல்லது Media sounds என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். Microphone என்பது அறையில் கேட்கும் சத்தம். இரண்டும் சேர்ந்த தேர்வை எடுத்தால் பாட்டும் வரும், குக்கரும் வரும். கூடவே ஸ்பீக்கரிலிருந்து வருவது மைக்கில் திரும்ப விழுந்து எதிரொலியாகும். உங்களுக்கு முதல் தேர்வு மட்டும் போதும். அப்போது போனுக்குள் ஓடும் ஒலியே நேராகப் பதிவாகும். பக்கத்தில் மிக்ஸி ஓடினாலும் கவலையில்லை.

போன் பழையதாக இருந்தால் அந்தத் தேர்வே இருக்காது. வெளி ஆப்களும் உள் ஒலியைப் பதிவுசெய்யலாம் என்று ஆண்ட்ராய்டு வழி திறந்தது 2019-ல், 10-ஆம் பதிப்பில்தான். ரெக்கார்டரே ஆண்ட்ராய்டின் பொதுவான பகுதியாக வந்தது 2020-ல், 11-ஆம் பதிப்பில். அதற்கு முந்தைய போன் என்றால் ஆப் தேடி அலைய வேண்டாம். வீட்டில் யாரிடமாவது புதிய போன் இருந்தால் ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஐபோனில் ஆப்பின் ஒலி தானாகவே பதிவாகும். ரெக்கார்டிங் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மைக் பட்டன் தெரியும், அதை ஆஃபில் வைக்க வேண்டும்.

சரியாகத் தேர்ந்தெடுத்தும் ஃபைலில் சத்தமே இல்லை என்றால் இரண்டு காரணங்களைப் பார்க்கலாம். ஃபேஸ்புக்கில் வீடியோ ஊமையாக ஓடத் தொடங்கியிருக்கலாம். ஸ்பீக்கர் படத்தைத் தொட்டுத் திறக்க வேண்டும். இல்லையென்றால், அந்த ஆப் தன் ஒலியைப் பதிவுசெய்ய அனுமதிக்காமல் பூட்டி வைத்திருக்கலாம். அந்த உரிமை ஆப் செய்தவருக்கு உண்டு. வாட்ஸ்அப் வீடியோ காலை ரெக்கார்டு செய்தால் எதிர்முனைக் குரல் வராமல் போவதும் இந்த வகைதான். அழைப்பு ஒலியை மீடியா ஒலியாக ஆண்ட்ராய்டு கணக்கில் எடுப்பதில்லை. ஓடிடி படங்கள் வெறும் கறுப்பாகப் பதிவாவதும் பூட்டுதான், போன் கோளாறு இல்லை. அதை உடைக்க முயல வேண்டாம்.

சில போன்களின் ரெக்கார்டர் இடது, வலது என்று பிரியும் ஸ்டீரியோவை ஒற்றை ஒலியாக்கிவிடும். கச்சேரி என்றால் வருத்தப்படலாம். ஒரு போன் மைக்கில் பிடித்த கும்மிப்பாட்டில் அதனால் இழப்பு பெரிதாக இல்லை. ஆனால் பம்பைச் சத்தம் அருகில் அடித்து அம்மாயியின் குரல் கரகரப்பாகியிருந்தால், அது எடுத்தபோதே நேர்ந்தது. அதுவும் அப்படியேதான் வரும்.

சரி, செய்து பார்ப்போம். பாட்டு 18 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டர் 1080p-ல் நொடிக்கு 12 மெகாபிட் எழுதுகிறது என்றால் ஒரு நிமிடத்துக்கு 90 எம்பி ஆகும். 18 நிமிடத்துக்கு 1,620 எம்பி. போனில் குறைந்தது 3 ஜிபி காலியாக இருக்கட்டும், இடம் தீர்ந்தால் ரெக்கார்டிங் பாதியில் நின்றுவிடும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். இனி சிம் கால் வராது. Do Not Disturb-ஐயும் போட்டுவிட்டால் வாட்ஸ்அப் அறிவிப்பும் குறுக்கே விழாது. போனை அதிகச் சூட்டில் வைக்காதீர்கள். சூடானால் வேகம் குறைந்து படம் தத்தித் தத்தி ஓடும், அதுவும் பதிவாகிவிடும்.

முதலில் 20 நொடி மட்டும் ரெக்கார்டு செய்து நிறுத்தி, கேலரியில் திறந்து, இயர்போனில் கேளுங்கள். பாட்டு வருகிறதா, படம் திரை முழுவதும் இருக்கிறதா, வாயசைவும் குரலும் ஒட்டுகிறதா என்று இந்த மூன்றையும் பாருங்கள். இந்த 20 நொடியைத் தவிர்த்துவிட்டு 18 நிமிடத்தையும் ஊமையாக ரெக்கார்டு செய்துகொண்டு எங்கள் ஐந்து ரோடு கடைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லாத ஒலியை எங்களால் சேர்க்க முடியாது. மூன்றும் சரியாக இருந்தால் வீடியோவை ஆரம்பத்துக்குத் தள்ளி, ரெக்கார்டிங்கைத் தொடங்கி, பிறகு பிளே அழுத்துங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வரும் தேவையில்லாத நொடிகளைக் கேலரியிலேயே வெட்டிக்கொள்ளலாம்.

போனில் சரியாக ஓடும் ஃபைல், கம்ப்யூட்டரில் எடிட் செய்யும்போது போகப் போக உதடு ஓரிடம், குரல் ஓரிடம் என்று விலகலாம். ஸ்கிரீன் ரெக்கார்டர்கள் நொடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எழுதாமல், திரை மாறும் வேகத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து எழுதுவதுதான் காரணம். HandBrake என்ற இலவச மென்பொருளில் Constant Framerate என்பதைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதையெல்லாம் லேப்டாப்பில் செய்தால் இன்னும் நன்றாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 1366-க்கு 768 திரையுள்ள லேப்டாப் என்றால் உங்கள் போனை விடப் புள்ளிகள் குறைவு.

ஃபைல் கிடைத்ததும் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மூன்றாம் முறையாகச் சுருங்கும். Document என்று இணைத்து அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். ஒரு நகல் பென்டிரைவிலும் இருக்கட்டும். அந்தத் தம்பியிடமிருந்து அசல் வந்து சேர்ந்துவிட்டால், ரெக்கார்டிங்கை அழித்து இடத்தைக் காலி செய்துகொள்ளலாம்.