பத்தி எண் எந்த ரிப்போர்ட்டுக்குச் சொந்தம்?

"தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன், சட்டம் கடைசி வருஷம். கேசவானந்த பாரதி தீர்ப்புக்கு அடிக்குறிப்பில் எஸ்சிசி, ஏஐஆர் ரெண்டும் போடணுமா? பத்தி எண் ரெண்டிலும் வேறாக இருக்கே?"

ரெண்டும் போடலாம், ஆனால் பத்தி எண்ணை நீங்கள் கையில் வைத்துப் படித்த ரிப்போர்ட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், அந்த ரிப்போர்ட்டையே கடைசியில் வையுங்கள்:

```
AIR 1973 SC 1461; (1973) 4 SCC 225, para …
```

ஏஐஆரில் வருஷமே தொகுதி, அதனால் அடைப்புக்குறி இல்லை. எஸ்சிசியில் 4 என்பது தொகுதி, 225 தொடக்கப் பக்கம். பாரிமுனையில் வாங்கிய பழைய ஏஐஆரைப் பார்த்துப் பத்தி எண் எழுதிவிட்டு எஸ்சிசி பெயரை ஒட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு, வழிகாட்டிப் பேராசிரியர் எஸ்சிசியைப் புரட்டிப் பார்த்தால் அங்கே வேறு நீதிபதியின் பேச்சு இருக்கும்.

புதிய தீர்ப்பு என்றால் இந்தத் தொல்லை குறைவு. தேர்தல் பத்திர வழக்குக்கு 2024 INSC 113 என்ற எண்ணை உச்ச நீதிமன்றமே கொடுத்திருக்கிறது, எந்தப் பதிப்பகமும் அல்ல, அதை முதலில் போட்டு நீதிமன்றப் பிடிஎஃப்பில் உள்ள பத்தி எண்ணைச் சேர்த்தால் போதும். அதில் 113 என்பது பக்க எண் இல்லை, அந்த வருஷத்துத் தீர்ப்பின் வரிசை எண். அப்புறம், நூற்பட்டியலில் பத்தி எண் வேண்டாம், அது அடிக்குறிப்புக்கு மட்டும்.