எம்.எஸ்சி. வேதியியல் முடித்து கேட் தேர்வு எழுதும் மாணவிக்கு: சமநிலை மாறிலிக் கணக்கில் மதிப்பெண் எங்கே போகிறது?

அன்புள்ள மாணவிக்கு,

பங்கீட்டுச் சார்புகளிலிருந்து சமநிலை மாறிலியைக் கணக்கிடும் வினாக்களில் சூத்திரம் தெரிந்தும் விடை தவறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேட் தேர்வின் எண் விடை வினாக்களில் வழிமுறைக்கு மதிப்பெண் இல்லை என்பதால், இரண்டு மடங்குப் பிழையும் முழு இழப்பே. ஆகவே Na₂ ⇌ 2Na என்ற ஒரே வினையை 1000 கெல்வினில் முழுமையாகப் போட்டுப் பாருங்கள்.

K = (kT/p°) × g²Λ₂³ / (q_r q_v Λ₁⁶) × e^(−D₀/RT)

இதில் Λ₁, Λ₂ என்பவை முறையே அணு, மூலக்கூறு ஆகியவற்றின் வெப்ப அலைநீளங்கள் (11.5, 8.14 பிக்கோமீட்டர்), p° என்பது 1 பார். மூலக்கூறின் சுழற்சி மாறிலி 0.1547 cm⁻¹, அதிர்வு எண் 159.2 cm⁻¹, பிரிகை ஆற்றல் D₀ 70.4 கிலோஜூல்/மோல். இவற்றிலிருந்து q_r சுமார் 2246 என்றும், q_v சுமார் 4.89 என்றும் கிடைக்கும். அடுக்குக்குறி உறுப்பு 2.1 × 10⁻⁴ என்ற மிகச் சிறிய எண்ணாக இருந்தாலும், அதற்கு முன்னுள்ள பெருக்கம் ஏறத்தாழ 12,000 வருவதால் K சுமார் 2.5 ஆகிறது. பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும்போதும் வினை நடப்பதன் காரணம் இந்த 12,000-தான்: பிரிந்த இரு அணுக்கள் தனித்தனியே நகர்வதற்கு மூலக்கூறைவிட மிக அதிகமான நிலைகள் உள்ளன.

பிழைகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நேர்கின்றன. Na₂ இரு ஒத்த அணுக்களால் ஆனது. ஆதலால் q_r-ஐ சமச்சீர் எண் 2-ஆல் வகுக்க வேண்டும். மறந்தால் K பாதியாகி 1.2 வரும். சோடியம் அணுவின் இணையற்ற எலக்ட்ரானுக்குச் சம ஆற்றலுள்ள இரு நிலைகள் இருப்பதால் g = 2; அணுக்கள் இரண்டு என்பதால் அது வர்க்கமாக நுழைகிறது, விடுபட்டால் K நான்கில் ஒரு பங்காகிவிடும். மூன்றாவது பிழை நுட்பமானது: q_v-ஐ அடிமட்ட அதிர்வு நிலையிலிருந்து அளந்துவிட்டு, ஆற்றலை நிலையாற்றல் பள்ளத்தின் அடியிலிருந்து அளந்தால், பூச்சியநிலை ஆற்றல் 0.95 கிலோஜூல் கூடுதலாகி விடை 11 விழுக்காடு குறையும். இந்த அளவு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. விடைக்கான வரம்பைவிட்டு மட்டும் வெளியேறிவிடும்.

விடை வந்ததும் அதைப் பிரிகை விகிதமாக மாற்றிப் பாருங்கள். மொத்த அழுத்தம் 1 பார் எனில் K = 4α²/(1−α²); 2.5-க்கு α சுமார் 0.62, g விடுபட்ட 0.6-க்கு 0.36. அடுத்ததாக I₂-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அயோடின் அணுவின் அடிநிலை நான்கு சம ஆற்றல் நிலைகளைக் கொண்டது என்பதால், g² என்பது 4 அல்ல, 16.