பலகை வாங்கும்போது: சொன்ன அளவும் வந்த அளவும்

கேள்வி: பில்லில் 18 மில்லி பிளைவூட் என்று இருக்கிறது. வீட்டில் அளந்தால் 17-க்குக் கொஞ்சம் மேலே. என்னை ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை அம்மா. பிளைவூட் ஒரே கட்டையில் அறுத்த பலகை அல்ல. மரத்தைச் சுழலவிட்டுக் கத்தியால் மெல்லிய தாளாக உரிப்பார்கள். அந்தத் தாள்களைப் பசை தடவி, ஒன்றின் இழைக்கு அடுத்தது குறுக்கே வரும்படி அடுக்கி, சூட்டில் வைத்து அழுத்துவார்கள். அழுத்தும்போது கொஞ்சம் அமுங்கும். பிறகு முகத்தை வழவழப்பாக்க மெஷினில் தேய்க்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். 18 என்பது அந்தப் பலகை விற்கப்படும் பெயர். நம் ஊர்க் கடைகளில் அது 17-லிருந்து 17.5 வரை நிற்பது வழக்கம். 16 காட்டினால் விடாதீர்கள், அது வேறு பலகை.

அளக்கும்போது ஓரத்தில் சிலும்பு நிற்கும் இடத்தைத் தவிர்த்து, நான்கு பக்கமும் பாருங்கள். கேலிப்பர் இல்லையென்றால், கடையில் அடுக்கி வைத்திருக்கும் பத்துப் பலகையின் உயரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுங்கள். 17 செண்டி மீட்டர் இருந்தால் பலகை ஒன்று 17 மில்லி. இது பத்துப் பலகையின் சராசரி.

மெல்லிய பலகையில்தான் இந்தக் குறை உறைக்கும். அலமாரி முதுகுக்கு 6 மில்லி என்று நான் வாங்கியது 5-க்குச் சற்றே கூடுதலாக இருந்தது. ஆசாரி 6 மில்லிக்குக் காடி வெட்டிவிட்டார். பலகை உள்ளே நின்று ஆடியது. கடையில் போய்க் கேட்டதற்கு, எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆகவே பலகை கைக்கு வந்த பிறகு, அதை வைத்துப் பார்த்துக் காடி வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: இழைத்த 2×2 பெரோத்தி வாங்கினேன். ஒவ்வொன்றும் 1¾ அங்குலம்தான். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
— வாசகர், குவாலா கங்சார்

பதில்: கூடாது. இழைத்தால் குறையும்.

கேள்வி: நான் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வீட்டின் பின்பக்கம் கூரை இறக்க, இழைக்காத மெரந்தி 2×4 ஒரு டன் வாங்கினேன். 12 அடித் துண்டு 75 எண்ணி இறக்கினார்கள். கணக்கு சரி. ஆனால் ஆசாரி அளந்துவிட்டு, எல்லாமே 1¾-க்கு 3¾ என்கிறார். கடையில் கேட்டால் மரம் சுருங்கும் என்கிறார்கள்.
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, உங்கள் ஆசாரி சரியாகச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு நடந்தது அநியாயம். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பல வருஷக் கோபம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பலகைக் கடையில் ஒரு டன் என்பது எடை அல்ல, 50 கன அடி மரம். 2×4 மரத்தில் ஓர் அடி நீளம் எத்தனை கன அடி என்று பார்க்க, இரண்டையும் நாலையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 50 கன அடிக்கு 900 அடி நீளம் வரும். 12 அடித் துண்டு 75 சேர்ந்தாலும் 900 அடிதான். ஆக, உங்களுக்கு எண்ணிக் கொடுத்ததில் குறை இல்லை. குறை மரத்தின் பருமனில். 1¾-ஐ 3¾-ஆல் பெருக்கினால் 6.56 வருகிறது, வர வேண்டியது 8. உங்கள் வீட்டு வாசலில் இறங்கியது 41 கன அடி மரம். காசு கொடுத்தது 50-க்கு. டன் 3,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 540 வெள்ளிக்கான மரம் வரவே இல்லை. கால் அங்குலம்தானே என்று விட்டுவிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். கால் அங்குலம் இரண்டு பக்கமும் போனால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

சுருங்கும் என்ற பதிலுக்கு வருகிறேன். மரம் சுருங்கும், உண்மை. ஈரமாக அறுத்த மெரந்தி காற்றில் காயும்போது, 4 அங்குல அகலத்தில் மூன்று நான்கு மில்லி குறையலாம், 2 அங்குலக் கனத்தில் ஒன்றிரண்டு மில்லி. நீளத்தில் குறைவது கண்ணுக்கே தெரியாது. உங்கள் மரத்தில் ஒவ்வொரு பக்கமும் 6 மில்லிக்கு மேல் குறைந்திருக்கிறது. காய்ந்து குறைந்த அளவு இது இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். ஒரு துண்டின் நடுப்பகுதியில் அறுத்து உள்ளங்கையை வையுங்கள். குளிர்ச்சியாக, ஈரமாக இருந்தால் அந்த மரம் இன்னும் சுருங்கவே தொடங்கவில்லை. பச்சை மரம் இன்றைக்கே 1¾ என்றால் அறுக்கும்போதே குறைத்து அறுத்திருக்கிறார்கள். காய்ந்த பிறகு இன்னும் குறையும். முகத்தில் ரம்பப் பற்களின் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். கோடு இருந்தால் இழைப்புளி படவில்லை என்று அர்த்தம், இழைத்ததில் போய்விட்டது என்ற சாக்கும் அங்கே எடுபடாது.

கடைக்காரர்கள் இதற்கு ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள்: ஃபுல் சைஸ், அண்டர் சைஸ். அண்டர் சைஸ் என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சிறு கொட்டகைக்கு அது போதும். பில்லில் 2×4 என்று எழுதி, ஃபுல் சைஸ் விலையை வாங்கிக்கொண்டு, லாரியில் அண்டர் சைஸை ஏற்றி அனுப்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பணம் மட்டும் இல்லை. கூரையின் எடையைத் தாங்குவதில் மரத்தின் உயரம்தான் பெரிய வேலை செய்கிறது. 4 அங்குலத்துக்குக் கணக்குப் போட்டு இடைவெளி விட்ட கூரைச் சட்டம், 3¾-ஆக வந்தால் கூடுதலாகத் தொங்கும். அதனால் இடைவெளியைக் குறைத்துக் கட்ட வேண்டுமா என்று உங்கள் ஆசாரியிடம் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. மரத்தை அறுக்க வேண்டாம், சோதனைக்கு ஒரு துண்டு போதும். டேப் வைத்து ஐந்தாறு துண்டுகளின் வெட்டு முகத்தைப் படம் எடுங்கள். டேப்பின் எண்ணும் மரமும் ஒரே படத்தில் தெரியட்டும். பில்லையும் எடுத்துவையுங்கள். கடையில் மரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையேல் வித்தியாசப் பணத்தைத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ, வீட்டுப் பிள்ளைகளோ பாரத்தை நிரப்ப உதவுவார்கள்.

கேள்வி: 4×8 பிளைவூட்டை ஓர் அடி அகலத்தில் நாலாக அறுத்துத் தரச் சொன்னேன். மூன்று துண்டு சரி, நாலாவது சின்னது. கடைக்காரர் திருடிக்கொண்டாரா?
— வாசகர், தாப்பா

பதில்: எதைத் திருடியிருப்பார் தம்பி? அந்த இடத்தில் ரம்பம் போயிருக்கிறது. ஒவ்வொரு அறுப்பிலும் 3 மில்லி மரத்தூளாகப் போகும். நாலு துண்டுக்கு மூன்று அறுப்பு, ஆக 9 மில்லி. 4 அடி என்பது 1,219 மில்லி. ஓர் அடி, அதாவது 304.8 மில்லி, மூன்று துண்டு எடுத்துவிட்டால் கடைசிக்கு 296 மில்லிதான் மிஞ்சும். அறுக்கச் சொல்வதற்கு முன் காகிதத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். ஒரே அளவில் நாலு துண்டு வேண்டும் என்று சொல்லியிருந்தால், ஒவ்வொன்றும் 302 மில்லிக்கு அவரே பிரித்துக் கொடுத்திருப்பார். நீங்கள் கேட்டது ஓர் அடி, அவர் அதைக் கொடுத்தார்.

கேள்வி: அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்து மேசை செய்தேன். அதில் 2×4 மரத்துக்கு 1½, 3½ என்று கணக்குப் போடுகிறார். நம் ஊர் மரத்தில் எதுவுமே பொருந்தவில்லை.
— வாசகர், பத்து காஜா

பதில்: அங்கே வீடு கட்ட விற்கும் 2×4, உலர்த்தி நான்கு முகமும் இழைத்த பைன் வகை மரம். இழைத்த பிறகு அது 1½-க்கு 3½ இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுத் தரநிலை, கடைக்குக் கடை மாறாது. நம் கடையில் இழைக்காமல் கிடைக்கும் ஃபுல் சைஸ் 2×4 உண்மையிலேயே 2-க்கு 4. துண்டு ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் கூடிவிடுவதால், இரண்டு கால் வைத்த அகலத்தில் ஓர் அங்குலம் தள்ளிப் போகும். பிளைவூட்டும் அப்படித்தான். அவர்கள் முக்கால் அங்குலம் என்று விற்பது பெரும்பாலும் 23/32 அங்குலம். வீடியோவில் மேசையின் மொத்த நீள அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற துண்டுகளின் நீளத்தை உங்கள் கையிலுள்ள மரத்தை அளந்து கழித்துப் பாருங்கள்.

கேள்வி: சமையலறை கேபினட் செய்தவர் 18 மில்லி பிளைவூட் என்று எழுதிக் கொடுத்தார். கதவுகளின் கீல் ஆறு மாதத்திலேயே பிடுங்கிக்கொள்கிறது. உள்ளே என்ன போட்டார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: எழுதிக் கொடுத்த தாள் உங்களிடம் இருப்பது நல்லது, சகோதரி. அதைப் பத்திரமாக வையுங்கள். பிடுங்கிய கீலைக் கழற்றி, கதவில் வட்டமாகத் தோண்டியிருக்கும் குழியைப் பாருங்கள். அந்தக் குழி ஏறக்குறைய 12 மில்லி ஆழம் இருக்கும். கதவு 18 மில்லிப் பலகையாக இருந்தால் குழிக்கு அடியில் 5 மில்லிக்கு மேல் மரம் நிற்கும். 15 மில்லிப் பலகையில் 3 மில்லிதான் மிஞ்சும். குழியின் அடி கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் நெளிகிற அளவுக்கு மெலிந்திருந்தால், காரணம் அதுதான்.

அடுத்து கதவின் முழுக் கனத்தை அளங்கள். மேலே ஒட்டியிருக்கும் லாமினேட் தாளும் சேர்ந்துதான் வரும். ஒரு பக்கத்துத் தாள் ஒரு மில்லிக்குள் இருக்கும். இரண்டு பக்கமும் ஒட்டிய பிறகும் கதவு 16 மில்லிதான் என்றால், உள்ளே இருப்பது 15 மில்லிப் பலகை, அதற்கும் குறைவாகக்கூட இருக்கலாம். அந்த அளவையும் குழியையும் படம் எடுத்து, கதவுகளை மட்டுமாவது மாற்றித் தரச் சொல்லி அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசிவிட்டு விடாதீர்கள். சம்மதிக்காவிட்டால் மேலே அந்தப் பெரியவருக்குச் சொன்ன நடுவர் மன்றம் உங்களுக்கும் பொருந்தும், செய்து தரும் வேலையும் அதில் அடங்கும். அதுவரை கழன்ற கீலை நீளமான திருகாணி போட்டு இறுக்க வேண்டாம். கதவின் முன்முகத்தை அது துளைத்துவிடும்.