ஈஸ்வர வருஷத்துத் தை மாதக் கல்யாணம் எந்த ஆண்டு?

கேள்வி: கோயில் பெட்டகத்தில் கிடைத்த மங்கிய கல்யாணப் பத்திரிகையையும் வம்சாவளியையும் பன்னிரண்டு வயதுப் பையன் வாசிப்பதாகச் சிறுகதை எழுதுகிறேன். பத்திரிகை கற்பனையல்ல, எங்கள் குடும்பத்தினுடையது. “ஈஸ்வர௵ தை௴ ௨௮௳ வியாழக்கிழமை” என்றிருக்கிறது. இணையத்தில் 1937 என்கிறார்கள், அம்மா 1938 என்கிறார். பையன் எதைக் கண்டுபிடிப்பான்? (வாசகி, தேக்கா)

பதில்: அம்மா சொல்வதுதான் சரி. அந்தக் கல்யாணம் நடந்தது 1938 பிப்ரவரி 10.

ஆனால் பையனை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். சிங்கப்பூரில் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு ௨௮ என்பது எண்ணாகவே தெரியாது. “உஅ” என்று வாசித்துவிட்டு முழிப்பான். பத்திரிகையின் தலையில் பிள்ளையார் சுழி வேறு இருக்கும். அதுவும் உ, இதுவும் உ. எண்ணில் ௨ என்றால் இரண்டு, ௮ என்றால் எட்டு. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. பழைய “லை”, “னை” எழுத்துகளின் துதிக்கையிலும் அவன் தடுக்கி விழுவான். பள்ளிக்கூடத்தில் 1, 2, 3 போதும் என்று விட்டுவிட்டோம். தாத்தாவின் கல்யாணத் தேதியைப் பேரன் வாசிக்க முடியாமல் போனது அதனால்தான்.

மை மங்கியிருந்தால் கைப்பேசி விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து அச்செழுத்து தாளை அழுத்திப் பதிந்தது. மை போனாலும் பள்ளம் நிழலாகத் தெரியும். கையால் எழுதிய வம்சாவளிக்கு இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

இனி ஆண்டு. ஈஸ்வர வருஷம் 1937 ஏப்ரல் நடுவில், சித்திரை முதல் நாள் பிறந்து 1938 ஏப்ரலில் முடிந்தது. இணையத்து அட்டவணைகள் “ஈஸ்வர = 1937” என்று ஒற்றை எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. எத்தனை குடும்பங்களின் தேதி இதனால் ஒரு வருஷம் முன்னே போயிருக்கிறது! தமிழ் வருஷம் தொடங்கிய பிறகு நடுவில் ஜனவரி வருகிறது. ஆகவே தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். மார்கழியில்தான் வம்பு. அது டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவரை ஓடும். முதல் பாதிக்குக் கூட்டக் கூடாது, பின்பாதிக்குக் கூட்ட வேண்டும். மார்கழி 10 என்றால் 1937, மார்கழி 25 என்றால் 1938. மார்கழியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அதே பெட்டகத்தில் பிறப்புக் குறிப்போ கருமாதிப் பத்திரிகையோ இருந்தால் இதை மறக்காதீர்கள்.

கிழமைதான் சாட்சி. பொங்கல் ஜனவரி 14 என்றால் தை 28 பிப்ரவரி 10-இல் விழும். 1938-இல் அது வியாழன், 1937-இல் புதன். பொங்கலை 13 என்று வைத்தால் ஒரு நாள் முன்னே போய், இரண்டு ஆண்டிலும் வியாழன் வராது. பையன் விரல்விட்டு எண்ணியே இதைக் கண்டுபிடிக்கலாம்.

அறுபது வருஷத்துக்கு ஒருமுறை ஈஸ்வர திரும்ப வருமே, 1878 ஆக இருக்கக் கூடாதா? அங்கேதான் வம்சாவளி கைகொடுக்கும். நம் வழக்கத்தில் பேரனுக்குத் தாத்தா பெயர். வம்சாவளி மரத்தில் “அருணாசலம்” மாதிரி ஒரு பெயர் இரண்டு இடத்தில் நிற்கும். அறுபது வருஷம் என்பதும் ஏறக்குறைய இரண்டு தலைமுறை. ஆகவே பெயரை மட்டும் பார்த்தால் தாத்தா கல்யாணத்தைப் பேரனுக்குச் செய்துவைத்துவிடுவீர்கள். பத்திரிகையில் “முத்தையா அவர்களின் குமாரன் அருணாசலம்” என்று இருந்தால், மரத்தில் முத்தையாவுக்குக் கீழே நிற்கும் அருணாசலம்தான் மாப்பிள்ளை. மாப்பிள்ளை பெயரை மட்டும் தேடாமல் அப்பாவையும், அப்பா பெயரும் திரும்ப வந்திருந்தால் மணப்பெண்ணையும் தேடச் சொல்லுங்கள் பையனை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தத் தாளை லேமினேட் செய்யாதீர்கள், கதையிலும் செய்யவிடாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் எழுத்தும் கூடவே வரும். “வம்சாவளியை நானூறு வருஷத்துக்கு நீட்டித் தருகிறேன், மூலத்தைக் கொடுங்கள்” என்று கேட்கும் தரகர்கள் ஊரிலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மூலத்தைக் கொடுத்தது. முன்பணமும் போயிற்று, தாளும் திரும்பவில்லை. வந்த மரத்தில் ஏழு தலைமுறைக்கு மேலே வெறும் சாமி பெயர்கள். படம் எடுத்து அனுப்புங்கள், மூலம் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

இதே மாதிரி ஒரு பத்திரிகையை நான் ஓர் அலுவலகத்துக்கு எடுத்துப்போனபோது “தேதி இல்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். தேதி இருந்தது, தமிழில் இருந்தது. நீங்களும் எங்காவது காட்டப்போகிறீர்கள் என்றால், தனித்தாளில் 10.2.1938 என்று எழுதி, மேலே சொன்ன கிழமைக் கணக்கையும் நான்கு வரியில் சேர்த்துக் கொடுங்கள்.